மூன்று நாளுக்கு எடுத்த கார், நான்கு நாள் பில்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: "மூன்று நாளுக்கு என்று பேசி, வெள்ளி காலை 10 மணிக்குக் கார் எடுத்தேன். திங்கள் மதியம் 1:20க்குத் திருப்பிக் கொடுத்தேன். நாளுக்கு 600, தினம் 200 கி.மீ. அதிலேயே அடக்கம், அதற்கு மேல் ஓடினால் கி.மீ.க்கு 4. எடுக்கும்போது மீட்டர் 48,212, கொடுக்கும்போது 49,166. பில்லில் 4 நாளுக்கு 2,400, கூடுதல் 354 கி.மீ.க்கு 1,416, பெட்ரோல் நிரப்பியதற்கு 330 என்று மொத்தம் 4,146 போட்டிருக்கிறார்கள். கடைசி நாள் வரும் வழியில் டேங்கை ஃபுல் செய்துவிட்டுத்தான் கொடுத்தேன். இந்தப் பில் சரியா?"

நாள் கணக்கு சரி. பெட்ரோல் கணக்கில் கொஞ்சம் பேச இடமிருக்கிறது. கிலோமீட்டர் கணக்குதான் தப்பு, அதுவும் 800 அளவுக்குத் தப்பு. நாணயத்தின் பெயரை நீங்களும் சொல்லவில்லை, நானும் சேர்க்கவில்லை. எந்த நாணயமானாலும் கணக்கு இதேதான். எல்லா எண்களும் விற்பனை வரிக்கு முந்தியவை என்று வைத்துக்கொள்கிறேன். தொகை குறைந்தால் அதன் மேல் போட்ட வரியும் சேர்ந்தே குறைய வேண்டும், அதையும் கவனியுங்கள்.

முதலில் அந்த நான்காவது நாள். வாடகைக் காரில் 'நாள்' என்பது காலண்டர் நாள் இல்லை, வண்டியைக் கையில் வாங்கிய நேரத்திலிருந்து ஓடும் 24 மணி நேரம். அப்படி எண்ணுவதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். வெள்ளி காலை 10 மணிக்குத் தொடங்கிய மூன்று நாள் திங்கள் காலை 10 மணிக்கு முடிந்துவிட்டது. நீங்கள் அதற்கு மேல் 3 மணி 20 நிமிடம் வண்டியை வைத்திருந்தீர்கள். தாமதத்துக்குச் சிறிய சலுகை நேரம் கொடுப்பார்கள். சிலர் அரை மணி, சிலர் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாக. அதைத் தாண்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, மணிக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம். இல்லாவிட்டால் நேராக இன்னொரு முழு நாள். உங்கள் பில்லில் '4 நாள் × 600' என்று இருப்பதால் இரண்டாவது முறையில் போட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகையா என்று வயிறு எரியும், எனக்கும் எரிந்திருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த நான்காவது நாள்தான் உங்களைக் காப்பாற்றப் போகிறது. எப்படி என்று பாருங்கள்.

வண்டி ஓடிய தூரம் 49,166 கழித்தல் 48,212, அதாவது 954 கி.மீ. பில்லில் கூடுதல் தூரம் 354 என்று இருக்கிறது. அப்படியென்றால் இலவசமாக விட்டது எவ்வளவு? 954லிருந்து 354ஐக் கழித்தால் 600. தினம் 200 வீதம் 600 என்றால் மூன்று நாள். ஆக, வாடகை வாங்கும்போது நான்கு நாள், கிலோமீட்டர் கொடுக்கும்போது மூன்று நாள். பில்லின் ஒரு இடத்தில் 4 என்ற எண்ணும் இன்னொரு இடத்தில் மறைவாக 3 என்ற எண்ணும் உட்கார்ந்திருக்கின்றன. இந்த 3 பில்லில் எங்கேயும் அச்சாகியிருக்காது. அதனால்தான் பார்த்தவுடன் கண்ணில் படுவதில்லை. வாடகைப் பில் எதுவானாலும் நான் முதலில் செய்வது இந்த ஒரு கழித்தல்தான்: ஓடிய தூரத்திலிருந்து கூடுதல் என்று போட்ட தூரத்தைக் கழித்து, தினசரி வரம்பால் வகுப்பேன். வருகிற எண் பில்லில் போட்ட நாள் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

நான்கு நாளுக்கு வாடகை வாங்கினால் இலவசத் தூரம் 800 கி.மீ. கூடுதல் 154 மட்டும். 154ஐ 4ஆல் பெருக்கினால் 616. பில்லில் 1,416. வித்தியாசம் 800.

இது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்கிற ஏமாற்று இல்லை. பதிவு செய்யும்போதே மூன்று நாளுக்கு 600 கி.மீ. என்று கணினியில் ஏறிவிடும். வண்டி தாமதமாக வந்ததும் கவுன்டரில் இருப்பவர் நாளை மட்டும் மூன்றிலிருந்து நான்காக மாற்றுவார். கிலோமீட்டர் வரம்பு தனிக் கட்டத்தில் இருக்கும், அது தானாக மாறாத அமைப்புகளில் பழைய எண்ணே நின்றுவிடும். நாள் கூடியபோதெல்லாம் இந்தக் கட்டத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நீங்கள் போய்க் கேட்டால் என்ன பதில் வரும் என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பதில்கள் வரலாம்.

"நீங்கள் பதிவு செய்தது மூன்று நாளுக்கு, அதனால் கிலோமீட்டரும் மூன்று நாளுக்குத்தான்" என்பது முதல் பதில். இதற்கு ஒப்பந்தத்தைத் திறந்து, வரம்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 'ஒரு வாடகை நாளுக்கு 200 கி.மீ.' என்று இருந்தால், வாடகை வாங்கிய ஒவ்வொரு நாளுக்கும் 200 உண்டு. விவாதத்துக்கே இடமில்லை. 'மொத்தம் 600 கி.மீ.' என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் கை கொஞ்சம் தாழும். அப்போதும் நாள் வாடகையை முழுதாக வாங்கிவிட்டு அதோடு சேர்ந்து வரும் தூரத்தை மட்டும் பிடித்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்கலாம். நீங்கள் சொன்ன வாசகம் 'தினம் 200' என்பதால் முதல் வகைதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பதில் இன்னும் சாமர்த்தியமானது. "சரி, அது நாள் இல்லை, தாமதக் கட்டணம். தாமதத்துக்குக் கிலோமீட்டர் கிடையாது." இதைச் சொன்னால் விடாதீர்கள். தாமதக் கட்டணம் என்றால் அது மணிக்கணக்கில் இருக்க வேண்டும், அந்த விகிதம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், பில்லிலும் அப்படியே எழுதப்பட்டிருக்க வேண்டும். உதாரணத்துக்கு மணிக்கு 120 என்று வைத்துக்கொள்வோம். 3 மணி 20 நிமிடத்தை 4 மணியாக ஏற்றிப் போட்டாலும் 480 ஆகிறது. அப்போது பில் 1,800 வாடகை, 480 தாமதம், 1,416 கூடுதல் தூரம், 330 பெட்ரோல் என்று 4,026க்கு வரும். முழு நாளாகவே எடுத்துக்கொண்டு 200 கி.மீ.யும் கொடுத்தால் 2,400, 616, 330 என்று 3,346தான் வரும். பார்த்தீர்களா, மணிக்கணக்கு மலிவு போலத் தெரிகிறது, ஆனால் முழு நாள்தான் உங்களுக்கு 680 லாபம். கவுன்டரில் "ஐயோ பாவம், முழு நாள் போடாமல் மணிக்கணக்கில் போட்டுத் தருகிறேன்" என்று நல்ல மனதோடு யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

மூன்றாவது பதில், "தினசரி வரம்பு அன்றன்றைக்கு, மிச்சமானது மறுநாளுக்குப் போகாது" என்பது. சில ஒப்பந்தங்களில் இப்படி உண்டு. ஆனால் அப்படிக் கணக்குப் போட வேண்டுமானால் ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஓடியது என்று தெரிய வேண்டும். வண்டியில் தடம் காட்டும் கருவி இருந்து, அதன் தினசரிப் பதிவை அவர்கள் காட்டினால்தான் முடியும். உங்கள் பில்லில் இருப்பது எடுக்கும்போது ஒரு எண், கொடுக்கும்போது ஒரு எண், அவ்வளவுதான். இந்த இரண்டை வைத்துக்கொண்டு மொத்தத் தூரம்தான் தெரியும். வெள்ளியன்று 420 ஓடி சனியன்று 90 ஓடியிருக்கலாம், தினம் ஒரே அளவும் ஓடியிருக்கலாம், மீட்டருக்கு அது தெரியாது. அதோடு 354 என்ற எண்ணே மொத்தத்திலிருந்து கழித்து வந்ததுதான், நாள்வாரியாகக் கூட்டி வந்தது இல்லை. ஆக அவர்கள் மொத்தமாகத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் பில்லே சாட்சி.

இனி நான் மேலே சொன்ன அந்த 'காப்பாற்றும் நாள்' விஷயம். உங்கள் கட்டணத்தில் இரண்டு எண்களைப் பக்கத்தில் வையுங்கள்: நாள் வாடகை 600, கூடுதல் கி.மீ.க்கு 4. 600ஐ 4ஆல் வகுத்தால் 150. அதாவது ஒரு நாள் வாடகையின் விலையும் 150 கூடுதல் கிலோமீட்டரின் விலையும் ஒன்று. ஆனால் ஒரு நாள் வாங்கினால் கூடவே 200 கி.மீ. வருகிறது. அப்புறம் என்ன, கூடுதல் தூரம் 150ஐத் தாண்டும் என்று தெரிந்தால், கிலோமீட்டரைச் சில்லறையாக வாங்குவதைவிட ஒரு நாளை மொத்தமாக வாங்குவது மலிவு. வண்டி அன்று ஓடாமல் நின்றாலும் மலிவுதான்.

உங்கள் பயணத்திலேயே போட்டுப் பார்க்கலாம். அதே 954 கி.மீ. ஓட்டி, நல்ல பிள்ளையாகத் திங்கள் காலை 10 மணிக்கே கொடுத்திருந்தால் வாடகை 1,800, கூடுதல் 354க்கு 1,416, சேர்த்து 3,216. தாமதமாகக் கொடுத்து நான்காவது நாளுக்கும் கட்டினால் 2,400 கூட்டல் 616, அதாவது 3,016. நேரத்துக்குக் கொடுத்தவர் 200 கூடுதலாகக் கட்டுகிறார்! எல்லாக் கட்டணத்திலும் இப்படி வராது. கூடுதல் கி.மீ. விகிதம் 2 என்றிருந்தால் 600ஐ 2ஆல் வகுத்து 300 வருகிறது, ஒரு நாள் கொடுப்பதோ 200தான். அங்கே நாள் வாங்குவது நஷ்டம். வகுத்து வரும் எண் தினசரி வரம்பைவிடச் சிறியதா பெரியதா என்பதுதான் எல்லாம்.

இந்த வழியில் போவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: நீட்டிக்கும் நாளின் விலை என்ன? முன்பதிவில் கிடைத்த 600 நீட்டிப்புக்கும் கிடைக்கும் என்று உறுதியில்லை. முன்கூட்டியே பதிவு செய்ததற்கான தள்ளுபடி போய், அன்றைய விலை 900 என்று வரலாம். 900ஐ 4ஆல் வகுத்தால் 225, அது 200ஐவிடப் பெரியது, நாள் வாங்குவதில் பயனில்லை. நீட்டிப்பை வாடகை நேரம் முடிவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். முடிந்த பிறகு வண்டி கையில் இருந்தால் அது நீட்டிப்பு இல்லை, தாமதம். ஒப்பந்தம் நீட்டிக்கப்படாத நேரத்தில் விபத்து ஏதாவது நடந்தால் காப்பீடு விஷயத்திலும் சிக்கல் வரலாம். அதனால் 'பரவாயில்லை, மெதுவாகக் கொடுக்கலாம்' என்று இதைப் படித்துவிட்டு யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், அந்த மீட்டர் எண்களே சரியா? உங்கள் கேள்வியில் நீங்களே இரண்டு எண்களையும் எழுதியிருப்பதால் டாஷ்போர்டில் பார்த்து எழுதியவை என்று எடுத்துக்கொண்டேன். பில்லிலிருந்து எடுத்து எழுதியிருந்தால் ஒரு முறை சரிபாருங்கள். எடுக்கும்போது ஒப்பந்தத்தாளில் அச்சாகும் எண், முந்தைய வாடிக்கையாளர் வண்டியை விட்டபோது பதிந்த எண்ணாக இருக்கலாம். இடையில் ஊழியர் அதைக் கழுவ எடுத்துப்போய், பெட்ரோல் போட்டு, வேறு கிளையிலிருந்து ஓட்டி வந்திருப்பார். அந்தத் தூரம் உங்கள் கணக்கில் ஏறும். சாதாரணமாக ஐந்து, பத்து கி.மீ. என்பதால் பெரிதாகத் தெரியாது. கிளை மாற்றி வந்த வண்டியென்றால் தெரியும்.

பெரிய தப்பு வருவது கையால் எழுதும் இடத்தில். எனக்கே ஒரு முறை நடந்தது. நிறுவனம் எது என்பது வேண்டாம். மீட்டர் 60,941ல் எடுத்தேன். கொடுத்த பிறகு பில்லில் கடைசி எண் 61,853 என்று வந்தது, தூரம் 912. அவ்வளவு ஓட்டவில்லையே என்று தோன்றியது, ஆனால் போட்டோ எடுக்க மறந்திருந்தேன். கையில் இருந்தவை பெட்ரோல் ரசீதுகள் மட்டும். முழு டேங்கில் எடுத்து முழு டேங்கில் கொடுத்ததால், நடுவில் போட்ட பெட்ரோல் எல்லாமே அந்தப் பயணத்தில் எரிந்ததுதான். ரசீதுகளைக் கூட்டினேன், 41 லிட்டர். 912ஐ 41ஆல் வகுத்தால் லிட்டருக்கு 22 கி.மீ.க்கு மேல். ஏசி போட்டு, நாலு பேரும் சாமானுமாக மலைப்பாதை ஏறிய அந்த வண்டி அவ்வளவு கொடுக்காது. 61,583 என்பதைத்தான் 61,853 என்று எண் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று ஊகித்தேன். அப்படிப் பார்த்தால் தூரம் 642, லிட்டருக்கு 15.7 கி.மீ. அது நம்பும்படியாக இருந்தது. வண்டி இன்னும் அவர்கள் இடத்தில்தான் நின்றது, போய் மீட்டரைப் பார்க்கச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள்.

கணக்கெழுதுபவர்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயம் இங்கே உதவும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால், சரியான எண்ணுக்கும் தப்பான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியில்லாமல் வகுபடும். என் பில்லில் வித்தியாசம் 270, ஒன்பதால் வகுத்தால் 30. 9ஆல் வகுபட்டால் நிச்சயம் இலக்கம் மாறியதுதான் என்று அர்த்தமில்லை, ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.

உங்கள் 954க்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். உங்கள் ரசீதுகளின் கூட்டல் 55லிருந்து 65 லிட்டருக்குள் இருந்தால் லிட்டருக்கு 15, 17 கி.மீ. என்று வரும், சாதாரண பெட்ரோல் காருக்கு அது பொருந்தும். நாற்பதுக்குக் கீழே வந்தால் மீட்டர் எண்ணைச் சந்தேகப்படலாம். செல்போன் வரைபடத்தில் 940தான் காட்டுகிறது, மீட்டரில் 954 எப்படி என்று கேட்காதீர்கள். தேய்ந்த டயரின் சுற்றளவு புது டயரைவிடச் சற்றுக் குறைவு. அதே தூரத்துக்கு அது கூடுதல் சுற்று சுற்றும், மீட்டர் சுற்றைத்தான் எண்ணுகிறது. ஓரிரண்டு சதவீதம் கூடக் காட்டுவது இயல்பு, பெரும்பாலும் ஒப்பந்தமும் மீட்டரைத்தான் ஏற்கும்.

இப்போது பெட்ரோல். 330 எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் கேளுங்கள், ஏனென்றால் அதில் இரண்டு தொகைகள் கலந்திருக்கும்: போட்ட பெட்ரோலின் விலையும், போட்டுக் கொடுத்த வேலைக்கான கூலியும். உங்கள் வண்டியின் டேங்க் 48 லிட்டர் என்றும், அளவுகாட்டியில் எட்டுக் கட்டங்கள் என்றும் வைத்துக்கொண்டால் ஒரு கட்டத்துக்கு 6 லிட்டர். ஒரு கட்டம் குறைந்தது என்று எழுதி, லிட்டருக்கு 30 வீதம் 180, கூலி 150, மொத்தம் 330 என்று வந்திருக்கலாம். பங்க்கில் அதே பெட்ரோல் 20க்குக் கிடைக்கும் என்றால் அவர்கள் ஒன்றரை மடங்கு வாங்குகிறார்கள். இது பல நிறுவனங்களில் சகஜம், ஒப்பந்தத்திலேயே விலை இருக்கும்.

நீங்கள் ஃபுல் செய்த இடத்திலிருந்து கொடுத்த இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. 'வரும் வழியில்' என்பதால் 55 கி.மீ. இருக்கும் என்று வைக்கிறேன். லிட்டருக்கு 16 கி.மீ. என்றால் ஏறக்குறைய 3.4 லிட்டர் எரிந்திருக்கும். அப்படியானால் ஏன் 6 லிட்டருக்குப் பணம்? கட்டம் கட்டமாகக் காட்டும் அளவுகாட்டியில் முழுக் கட்டம் காலியான பிறகுதான் அது அணையும் என்றில்லை. பாதி வழியிலேயே அணைந்துவிடலாம். அணைந்த கட்டத்தைப் பார்க்கும் ஊழியர் ஒரு கட்டம் என்று எழுதுவார், கணினி அதை 6 லிட்டர் என்று மாற்றும். உண்மையில் எத்தனை லிட்டர் உள்ளே போயிற்று என்பது, அவர்கள் வண்டியை நிரப்பிய ரசீதில் இருக்கிறது. அதைக் கேட்கலாம். 3.4 லிட்டர்தான் என்று வந்தால் 102 கூட்டல் 150, அதாவது 252. உங்களுக்குத் திரும்புவது 78.

அந்த 78க்காக நான் சண்டை போட மாட்டேன், வெளிப்படையாகச் சொல்கிறேன். இங்கே வலிப்பது கூலி. அது ஒரு லிட்டர் குறைந்தாலும் இருபது லிட்டர் குறைந்தாலும் ஒரே 150. ஃபுல் டேங்க் விதியில் கொடுத்த இடத்துக்குப் பக்கத்தில் நிரப்பினால்தான் நிரப்பியதாகக் கணக்கு. சில ஒப்பந்தங்களில் இத்தனை கி.மீ.க்குள் நிரப்பிய ரசீது வேண்டும் என்றே எழுதியிருப்பார்கள். உங்கள் ரசீது அந்தத் தூரத்துக்குள் இருந்தால் 330 முழுவதையும் திரும்பக் கேட்கலாம். இல்லாவிட்டால் லிட்டரை மட்டும் திருத்தச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

முள் F என்ற எழுத்தில் நிற்பதை வைத்து ஏமாறுவதும் உண்டு. டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது, அது பெட்ரோலோடு சேர்ந்து ஏறி இறங்கும். டேங்க் முழுதாக நிரம்புவதற்கு முன்பே பல வண்டிகளில் மிதவை மேலே போய் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் சில லிட்டர் ஏறினாலும் முள்ளுக்குத் தெரியாது. அதனால்தான் ஃபுல் செய்ததும் வெகுதூரம் முள் அசையாமல் நின்றுவிட்டு, பிறகு சட்டென்று இறங்கத் தொடங்குகிறது. இதில் பாதிக்கப்படுவது எடுக்கும் பக்கம்: முந்தைய ஆள் நாற்பது கி.மீ.க்கு முன்னால் நிரப்பிய வண்டியை 'முழு டேங்க்' என்று கொடுப்பார்கள், முள் F காட்டும். நீங்கள் கடைசியில் பக்கத்துப் பங்க்கில் நிரப்பிக் கொடுக்கும்போது அவர் குறைத்த இரண்டு மூன்று லிட்டரும் உங்கள் காசில் போகும். இதை நிரூபிக்க வழியில்லை, விட்டுவிட வேண்டியதுதான். பங்க்கில் குழாய் தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அழுத்தி அழுத்தி ஊற்றினால், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டிக்குள் திரவம் போய் அது கெட்டுவிடலாம்.

முழு டேங்குக்கு முன்பே பணம் கட்டிவிட்டுக் காலியாகக் கொடுக்கும் திட்டத்தை அடுத்த முறை அவர்கள் நீட்டலாம். லிட்டர் 22 என்று ஆசை காட்டுவார்கள். 48 லிட்டருக்கு 1,056. மிச்சத்துக்குப் பணம் திரும்பாது. கால் டேங்கோடு கொடுத்தால் நீங்கள் எரித்தது 36 லிட்டர், விலை லிட்டருக்கு 29க்கு மேல் ஆகிவிட்டது. சொட்டுச் சொட்டாகக் காலி செய்து கொடுக்கும் தைரியம் எனக்கு இல்லை.

உங்கள் கையில் இருக்க வேண்டியவை: ஒப்பந்தத்தாள், வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது கையெழுத்தான தாள், பெட்ரோல் ரசீதுகள், சாவி ஆன் நிலையில் மீட்டரும் பெட்ரோல் அளவும் ஒரே படத்தில் தெரியும் போட்டோ. போட்டோ இல்லாவிட்டாலும் கவலையில்லை, உங்கள் வாதத்துக்கு அவர்கள் பில்லே போதும். டிப்பாசிட்டிலிருந்து ஏற்கெனவே கழித்திருந்தாலும் கேட்கலாம். தொலைபேசியில் பேசாமல் எழுத்தில் அனுப்புங்கள், கோபப்படாமல், எண்களை மட்டும் வைத்து. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். எனது வாடகைப் பில்லில் 4 நாளுக்கு 2,400 வசூலிக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தப்படி ஒரு வாடகை நாளுக்கு 200 கி.மீ. இலவசம், எனவே 4 நாளுக்கு 800 கி.மீ. ஓடிய தூரம் 954 கி.மீ. (48,212 முதல் 49,166 வரை). கூடுதல் 154 கி.மீ.க்கு 616தான் வர வேண்டும். பில்லில் 3 நாள் வரம்பான 600 கி.மீ.யைக் கழித்து 354 கி.மீ.க்கு 1,416 போடப்பட்டுள்ளது. 800ஐயும் அதன் மீதான வரியையும் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோல் கட்டணம் 330ல் எத்தனை லிட்டர், லிட்டர் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதையும் நிரப்பிய ரசீதின் நகலோடு அனுப்பவும்."

நான்காவது நாளைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை, கவனித்தீர்களா? குறை சொன்னால் அவர்கள் அதை எடுத்துவிட்டு மணிக்கணக்கில் மாற்றிப் போட்டுவிடுவார்கள், உங்கள் 200 கி.மீ.யும் அதோடு போய்விடும்.